முப்பத்து மூன்று அடி

சொந்த ஊரை விட்டு வந்து, அந்நிய நகரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஓர் அச்சம் எப்போதும் உள்ளூர இருந்துகொண்டே இருக்கும். அடுத்த வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அது. அந்த அச்சம் எனக்கும் இருந்தது. இருந்தும் இரண்டரை ஆண்டுக் காலம் நான் ஒரு மனிதரோடு ஓயாமல் சண்டையிட்டேன். சண்டை பொன்னுக்காகவும் அன்று, மண்ணுக்காகவும் அன்று. எங்கள் இருவருக்கும் சொந்தமல்லாத ஒரு துண்டுத் தெருவுக்காக. அது தீர்ந்த வகையை எழுதினால் நம் அன்பர்கள் சிலருக்காவது பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதத் துணிகிறேன். நான் எழுத்தாளன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, தந்தை காலமான பின் அவருடைய ரயில்வே உத்தியோகத்தின் பேரில் வேலை பெற்ற சாதாரண குமாஸ்தா. பிழை இருப்பின் பொறுத்தருள்க.

நாங்கள் இருப்பது மேற்கு டில்லியில் ஒரு சந்து. அகலம் 20 அடி. இரு புறமும் நாலு மாடி வீடுகள். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் தாயாரும் மனைவியும் மகளும் குடியிருக்கிறோம். அடுத்த வீடு ஒரு சர்தார்ஜியுடையது. வயது அறுபத்தைந்து இருக்கும். மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். என் வீட்டு வாயிற்கதவு இந்தக் கோடியிலும், அவர் வீட்டு வாயிற்கதவு அந்தக் கோடியிலும் இருக்க, நடுவில் இரண்டு வீட்டு மதில்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த மதில்களின் ஓரமாகத்தான் வண்டி நிறுத்த முடியும். எதிர்ச் சாரியிலும் நிறுத்தினால் நடுவில் வழி இராது.

குடிவந்த முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் சிநேகமாகவே இருந்தோம். ஜனவரி 13-ஆம் தேதி அவர்கள் வீட்டில் லோஹ்ரிப் பண்டிகைக்கு நெருப்பு மூட்டுவார்கள். அவர் பேத்தி ஒரு தட்டில் வேர்க்கடலையும் எள்ளுருண்டையும் கொண்டுவருவாள். மறுநாள் அதே தட்டில் சர்க்கரைப் பொங்கலை வைத்து என் மகள் கொண்டுபோவாள். தாயார் அவரைச் 'சர்தார் தம்பி' என்பார். அவர் என் தாயாரை 'மாஜி' என்பார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இருந்தும் மாலையில் மதிலின் இரு புறமும் நின்றபடி இருவரும் நெடுநேரம் பேசுவார்கள்.

பிறகு தாயாருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கிற்று. ஆனால் வலது கால் இழுத்துக்கொண்டது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆட்டோவில் ஏற்றி இறக்கும்போது அவர் படும் வேதனையைப் பார்க்கச் சகியாமல், கடன் வாங்கி ஒரு பழைய சின்னக் கார் வாங்கினேன். வாசலிலிருந்து பத்தடிக்குள் கார் நின்றால் மனைவியும் நானும் தாங்கிப் பிடித்து ஏற்றிவிடலாம். சந்து முனையில் நின்றால் அவரைத் தூக்கித்தான் போக வேண்டும்.

கார் வந்த அதே மாதத்தில் சர்தார்ஜியும் கடைக்கென்று ஒரு சிறு சரக்கு வண்டி வாங்கினார். வினை அங்கே தொடங்கிற்று.

முதலில் வார்த்தைதான். 'இது என் வீட்டு மதில்' என்பார் அவர். 'பாதி என் வீட்டு மதில்' என்பேன் நான். அப்புறம் செங்கற்கள் வந்தன. நான் காலையில் காரை எடுத்தால் அவர் அங்கே இரண்டு பழைய டயர்களை வைத்துவிடுவார். அவர் கடைக்குப் போனால் நான் உடைந்த நாற்காலியை வைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய வண்டி என் காரை முட்டுவது போல் நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அவரோ ஊரில் இல்லை. தாயாருக்கு அன்றைய சிகிச்சை தவறிற்று. மற்றொரு நாள் என் கார்ச் சக்கரத்தில் காற்று இல்லை. வேறொரு நாள் அவர் வண்டியில் நீளமாக ஒரு கீறல். இரவு பதினொரு மணிக்குக் கூச்சல் முற்றி யாரோ 112-க்குத் தொலைபேசி செய்ய, வந்த போலீஸ்காரர் இருவரையும் பார்த்து, 'இது உங்கள் இருவருடைய தெருவும் அல்ல. மறுபடி கூப்பிட்டால் இரண்டு வண்டியையும் இழுத்துப் போவேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு சர்தார்ஜி கதவைச் சாத்துமுன் ஒரு வார்த்தை சொன்னார். 'கிராயேதார்!' வாடகைக் குடித்தனக்காரன் என்று அர்த்தம். உண்மைதான்; நான் வாடகைக்காரன்தான். ஆனால் அவர் சொன்ன தொனியில், 'நீ இந்த ஊர்க்காரனே அல்லன்' என்பதும் சேர்ந்து ஒலித்தது. அந்த ஜனவரியில் தட்டு வரவும் இல்லை, போகவும் இல்லை. இரண்டு குழந்தைகளும் பள்ளிக்கூட பஸ்ஸில் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வேறு வீடு பார்க்கலாம் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் புதிய காரியதரிசி வந்தார். ஓய்வு பெற்ற வங்காளத்துச் சர்வேயர். முன்பிருந்தவர் கைபேசிக் குழுவில் வரும் புகார்களுக்கெல்லாம் கைகூப்பும் படத்தை அனுப்புவதோடு சரி. இவர் அப்படியல்லர். 'குழுவில் எழுதுவதை நான் படிக்க மாட்டேன். இருவரும் தனித்தனியே ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் கடிதம் கொடுங்கள். வண்டியின் நீளம் என்ன, எந்த எந்த நேரத்தில் நிற்கிறது, எதற்காக அருகில் நிற்க வேண்டும், இவை மட்டும். கண்ணால் கண்டதை எழுதுங்கள். ஊகித்ததை எழுத வேண்டாம்' என்றார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. சக்கரத்தில் காற்றை இறக்கியவர் அவர்தான் என்று இரண்டு ஆண்டுகளாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். ஆனால் நான் கண்ணால் காணவில்லை. அந்த வரியை அடித்தேன். வண்டியைக் கீறியவன் நான் என்று எழுதியிருந்ததைச் சர்தார்ஜியும் அடித்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

கடிதங்கள் போன பின்பும் காரியதரிசி உடனே கூட்டம் கூட்டவில்லை. ஒரு வேலை நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு ஆக மூன்று இரவுகள் பதினொரு மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சந்தில் நடந்தார். பகலில் பாதி வண்டிகள் வெளியே போய்விடும்; ஆகையால் பகல் கணக்குக் கணக்கே அல்ல என்பது அவர் கட்சி. எத்தனை வண்டி, எது எந்த வீட்டினுடையது, எது வெளியாருடையது என்று குறித்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு ஞாயிறு காலை, பூங்காவை ஒட்டிய சங்க அறையில் எங்களைக் கூப்பிட்டார். எங்கள் சந்திலிருந்து வேறு இரண்டு வீட்டாரும் வந்திருந்தனர்.

தொடங்கியதுமே சர்தார்ஜி ஆட்சேபித்தார். 'இவர் வாடகைக்காரர். சங்கத்தில் இவருக்கு வோட்டு இல்லை. இவர் எப்படி இங்கே பேசலாம்?'

காரியதரிசி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எங்கள் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர் கடிதம் கொடுத்தால் வாடகைக்காரர் துணை உறுப்பினர் ஆகலாம், பேசலாம், தேர்தலில் வோட்டுப் போட முடியாது. அந்தக் கடிதத்தை நான் முன்பே வாங்கிக் கொடுத்திருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு அவர் சொன்னார்:

'சர்தார்ஜி, வோட்டு உங்களுக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. ஆனால் தெரு உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அது மாநகராட்சியினுடையது. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் மதில் வரைக்கும்தான் எழுதியிருக்கும். இந்தச் சங்கமும் தெருவை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது. டில்லி அரசு 2019-இல் வாகன நிறுத்த விதிகளை வெளியிட்டது. வட்டாரத்துத் திட்டத்தை உள்ளாட்சி அமைப்புத்தான் வகுக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்பதே அதில் நமக்குள்ள இடம். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக வழி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே யாருக்கு உரிமை என்ற பேச்சு இங்கே வேண்டாம். இடம் போதுமா, போதாதா என்று பார்ப்போம்.'

பிறகு இரண்டு கடிதங்களையும் உரக்கப் படித்தார். என் தாயாரின் காலைப் பற்றிச் சர்தார்ஜிக்குத் தெரியும். ஆனால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளைத் தவிரக் கார் அசைவதில்லை என்பதும், நான் மெட்ரோ ரயிலில்தான் ஆபீஸுக்குப் போகிறேன் என்பதும் அவர் அறியாதவை. அவரைப் பற்றி நான் அறியாதது அதைவிடப் பெரிது. சென்ற ஆண்டு அவருக்குக் குடலிறக்க அறுவை நடந்திருக்கிறது. பாரம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியும், இரும்புச் சாமான் பெட்டிகளை இரவு வீட்டில் இறக்கிக் காலையில் ஏற்றியாக வேண்டிய நிலை. வண்டி தொலைவில் நின்றால் அந்தப் பெட்டிகளை அவரே சுமக்க வேண்டும். அடுத்த வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததைக்கூட அறியாத அளவுக்கு நான் அவரை வெறுத்திருக்கிறேன்!

'சரி, வாருங்கள்' என்று காரியதரிசி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சந்துக்கு நடந்தார். நாங்கள் பின்தொடர்ந்தோம்.

முதலில் அகலத்தை அளந்தார். ஓரத்தில் ஒரு வண்டி நின்றால், மதிலுக்கு விடும் இடைவெளியும் சேர்த்து 6 அடி போய்விடுகிறது. 20 அடியில் மிச்சம் 14 அடி. எதிர்ச் சாரியிலும் ஒன்று நின்றால் மிச்சம் 8 அடிதான். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு. ஆகவே எதிர்ச் சாரி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அடுத்து நீளம். என் வாயிற்கதவிலிருந்து அவர் வாயிற்கதவு வரை 33 அடி. என் கார் 11 அடி 3 அங்குலம். அவர் வண்டி 12½ அடி. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 24 அடி. ஒன்றை எடுக்கும்போது மற்றொன்றில் இடிக்காமல் இருக்க நடுவே 3 அடி. கதவுகள் மறையாமல் இருக்கக் கோடிக்கு ஒரு அடியாக 2 அடி. மொத்தம் 29 அடி. இருப்பதோ 33.

'பிறகு ஏன் இத்தனை நாள் இடம் போதவில்லை?' என்று கேட்டார் காரியதரிசி. எங்கள் இருவர் பார்வையும் ஒரே சமயத்தில் மதிலோரம் போயிற்று.

என் கதவை ஒட்டிச் செங்கல் பதித்து மூன்றரை அடிக்கு ஒரு பாத்தி கட்டியிருந்தேன். தாயார் நடக்க முடிந்த காலத்தில் அதில் துளசியும் கனகாம்பரமும் நட்டிருந்தார். சர்தார்ஜியின் கதவை ஒட்டி நாலடிக்கு ஓர் இரும்புப் பெஞ்சு. இரண்டும் தெருவில்தான் இருந்தன. இரண்டையும் கழித்தால் 33 அடி 25½ அடி ஆகிவிடுகிறது. குறைவது மூன்றரை அடி. இரண்டரை ஆண்டுச் சண்டையின் மொத்த அளவு அவ்வளவுதான்.

காரியதரிசி காகிதத்தில் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: 'பாத்தியை எடுத்தாலும் போதும். பெஞ்சை எடுத்தாலும் போதும்.'

இதைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. இரண்டும் போக வேண்டும் என்றால் வம்பில்லை. ஒன்று போனால் போதும் என்றால், எது போவது? சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கப் போகிறதென்று நினைத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. 'பெஞ்சை எடுக்கட்டுமே' என்றுதான் என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சர்தார்ஜி பெஞ்சின் முதுகில் கையை வைத்தார். 'இதை என் தகப்பனார் வாங்கிப் போட்டார். 1947-இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர். முகாமில் இருந்து, வாடகை அறைகளில் இருந்து, பிறகுதான் இந்த இடம். சாகும்வரை மாலையில் இதில்தான் உட்காருவார்' என்றார். சற்று நேரம் சும்மா இருந்தார். 'வாடகை அறைகளில்' என்று தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பாமல், 'மாஜியின் செடி இருக்கட்டும். பெஞ்சை எடுத்துவிடுகிறேன்' என்றார்.

கீழ்த்தள ஜன்னலருகே கட்டிலில் கிடந்த தாயார், 'சர்தார் தம்பி என்ன சொல்லுது?' என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

'வேண்டாம்னு சொல்லு தம்பி. அவுங்க அப்பா உக்காந்த பெஞ்சு. என் செடியைத் தொட்டியிலே வெச்சுக்கலாம். பெஞ்சைத் தொட்டியிலே வெக்க முடியுமா?' என்றார் தாயார்.

இதை நான் ஹிந்தியில் சொன்னபோது என் குரல் சரியாக வரவில்லை. சர்தார்ஜி தலைப்பாகையைச் சரிசெய்வது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டும் போயின. செடிகள் மூன்று தொட்டிகளில் எங்கள் ஜன்னல் திட்டுக்கு வந்தன. பெஞ்சு அவர் வாயிற்கதவுக்கு உள்பக்கம் போயிற்று. மிஞ்சிய நாலடியில் மாடி வீட்டாரின் ஸ்கூட்டர்கள் இரண்டு நிற்கின்றன.

அன்றே சங்க அறையில் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டோம். என் கார் என் கதவுப் பக்கம். அவர் வண்டி அவர் கதவுப் பக்கம். ஒருவர் வெளியே போயிருக்கும்போது கல்லோ டயரோ வைத்து இடம் பிடிக்கக் கூடாது. மதிலில் பெயரோ எண்ணோ எழுதக் கூடாது. ஒருவர் ஊருக்குப் போனால் வண்டிச் சாவியை மற்றவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துத் திருத்திக்கொள்வது. காரியதரிசி கையெழுத்து வாங்கும்போதே எச்சரித்தார்: 'இந்தக் காகிதம் கோர்ட்டில் செல்லாது. வெளியார் வந்து நிறுத்தினால் வேண்டிக் கேட்கத்தான் முடியும், விரட்ட முடியாது. இது உங்கள் இருவருக்குள் மட்டும்தான் செல்லும்.'

அவர் சொன்னபடியே இரண்டாம் வாரத்தில் சோதனை வந்தது. வெள்ளிக்கிழமை, நல்ல மழை. ஆஸ்பத்திரியிலிருந்து தாயாரோடு திரும்பினால் என் இடத்தில் யாரோ விருந்தாளியின் பெரிய கார். பழைய கோபம் அப்படியே தலைக்கேறிற்று. சர்தார்ஜி வீட்டுக்குத்தான் வந்திருப்பார்கள் என்று தீர்மானித்து, ஹாரனை விடாமல் அழுத்தினேன். குடையோடு அவர் வெளியே வந்தார். ஒன்றும் பேசவில்லை. தம் சரக்கு வண்டியை எடுத்துப் பின்னால் நகர்த்தித் தம்முடைய வாயிற்கதவையே மறைத்து நிறுத்தினார். காலியான அவர் இடத்துக்கு என் காரைக் கையசைத்து அழைத்தார். தாயாரை ஒரு பக்கம் நான் பிடிக்க, மறுபக்கம் அவர் பிடித்தார். அந்தக் கார் மூன்றாம் மாடிக்கு வந்தவருடையது என்பது பிறகு தெரிந்தது. கண்ணால் காணாததை எழுதாதே என்ற பாடத்தை நான் இன்னும் முழுதாகக் கற்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து காரியதரிசி வந்தபோது திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சாவிகளை மாற்றிக்கொள்ளும் பழக்கம் மட்டும் உடன்படிக்கையைத் தாண்டி வளர்ந்திருந்தது. இப்போது வீட்டுச் சாவிகளும் சேர்ந்து போகின்றன.

தாயார் இப்போது கோலூன்றி இருபது முப்பது அடி நடக்கிறார். நம் வாயிலிலிருந்து புறப்பட்டு, இரண்டு வண்டிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பிடித்துக்கொண்டு, சர்தார்ஜியின் வாயிற்கதவு வரை போகிறார். உள்ளே அந்த இரும்புப் பெஞ்சு இருக்கிறது. மாலையில் அதில்தான் உட்காருகிறார்.

மொத்தம் 33 அடி. டாக்டர் கேட்டால் அந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.